துறவிக்கு யார் சோறு போட்டது? பட்டுச்சாலை பௌத்தம் பற்றி மூன்று கேள்விகள்

பட்டுச்சாலை பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்த வரைபடம் இருக்கும். வட இந்தியாவில் கிளம்பும் ஒரு தடித்த அம்பு காந்தாரம் போய், பாமீர் மலைகளைத் தாண்டி, தக்லமகான் பாலைவனத்தின் ஓரமாக ஊர்ந்து சீனாவின் லோயாங் நகரில் முடியும். கீழே "வணிகர்கள் வழியாகப் பௌத்தம் பரவியது" என்று ஒரு வரி. அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது போல இருக்கும்.

அந்த ஒரு வரியைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் கேள்விகள் கிளம்புகின்றன. மிளகு மூட்டையைக் கொண்டு போய் இறக்குவது போல ஒரு மதத்தை இறக்க முடியுமா? வணிகர் ஒரு ஊரில் சரக்கை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆனால் பௌத்தம் நிலைக்க வேண்டுமென்றால் பிக்குகள் ஒரு ஊரில் தங்க வேண்டும். பிக்கு உழக்கூடாது, சமைக்கக்கூடாது, பிச்சை வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அப்படியென்றால் அவருக்குத் தினமும் யார் சோறு போட்டது? கொஞ்ச காலமாக இது பற்றிப் படித்துவரும் குறிப்புகளை இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே வரிசைப்படுத்துகிறேன்.

முதலில், கிளம்பிய இடத்தில் கணக்கு எப்படி இருந்தது?

பௌத்தத்துக்கும் வணிகர்களுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே வருவது. புத்தர் ஞானம் பெற்ற பிறகு அவருக்கு முதல் உணவு கொடுத்தவர்களே தபுஸ்ஸன், பல்லிகன் என்ற இரண்டு பயண வணிகர்கள் என்கிறது மரபு. நமக்கும் இது புதிதல்ல. மணிமேகலையின் தந்தையே புகார் நகரத்து வணிகர்தானே.

ஆனால் கதைகளை விட எனக்குப் பிடித்த சான்று ஒரு வட்டிக் கணக்கு. நாசிக் பக்கத்தில் பாண்டவலேணி என்ற குகைத் தொகுதியில், பத்தாம் எண் குகையில் உஷவதாதன் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. இவர் மேற்கு க்ஷத்ரப அரசன் நகபானனின் மருமகன். காலம் சுமார் கி.பி. 120. பிக்குகளுக்காக அந்தக் குகையைக் குடைந்து கொடுத்தவர், அதோடு நிற்கவில்லை. 3,000 கார்ஷாபணம் காசுகளை முதலாகப் போட்டார். அதில் 2,000 காசு ஒரு நெசவாளர் சங்கத்திடம், மாதம் 100க்கு 1 வட்டி. மீதி 1,000 காசு இன்னொரு நெசவாளர் சங்கத்திடம், மாதம் 100க்கு முக்கால் வட்டி. முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும்தான் எடுக்க வேண்டும். முதல் தொகையின் வட்டியிலிருந்து, மழைக்காலத்தில் அந்தக் குகையில் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 காசு வீதம் துணிக்குக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 காசுக்கு மாதம் 20 காசு வட்டி, வருடத்துக்கு 240. இருபது பிக்குகள், ஆளுக்கு 12 காசு, அதுவும் 240. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1,000 காசின் வட்டி சில்லறைச் செலவுக்கு. சரி, சாப்பாட்டுக்கு? அதற்குத் தனியாக 4,000 காசு கொடுத்து ஒரு பிராமணரிடம் நிலம் வாங்கி எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலத்தில் விளைவதுதான் குகையில் இருப்பவர்களுக்கு உணவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. துணி நெசவாளர் சங்கத்திலிருந்து வருகிறது, அதாவது வணிகப் பொருளாதாரத்திலிருந்து. ஆனால் சோறு வயலிலிருந்து வருகிறது. அந்தக் குகைகளுக்குப் பக்கத்திலேயே வணிகப் பாதை ஓடினாலும், பிக்குகளை உட்கார வைத்தது பாதை மட்டும் இல்லை. பக்கத்தில் விளைச்சல் நிலமும், வட்டி கட்டும் அளவுக்குத் தொழில் நடக்கும் ஊரும் வேண்டியிருந்தது. இருபது பேருக்கே இவ்வளவு ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போவோம்.

இரண்டாவது கேள்வி: நடுவில் ஏன் ஒன்றுமே இல்லை?

அம்புக்குறியை நம்பினால், பௌத்தம் முதலில் பாமீருக்கு அருகில் உள்ள பாலைவனச் சோலை ஊர்களில் வேரூன்றி, அங்கிருந்து அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று நகர்ந்து கடைசியில்தான் சீனாவைத் தொட்டிருக்க வேண்டும். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை.

சீனாவில் பௌத்தம் பற்றிய முதல் உறுதியான ஆவணம் கி.பி. 65ஐச் சேர்ந்தது. ஹான் பேரரசர் மிங், மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவர்கள் பட்டுக் கொடுத்து மன்னிப்புப் பெறலாம் என்று ஒரு ஆணை போட்டார். பெங்செங் நகரிலிருந்து ஆண்ட சூ நாட்டு இளவரசர் லியூ யிங், தன் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலேயே 30 சுருள் பட்டு அனுப்பினார். பேரரசர் அதை வாங்கவில்லை. இளவரசர் புத்தருக்குப் பலி கொடுப்பவர், நல்லவர், இந்தப் பட்டைத் திருப்பி அனுப்புங்கள், உபாசகர்களுக்கும் சிரமணர்களுக்கும் விருந்து வைக்க உதவட்டும் என்று ஆணையில் எழுதினார். இந்தியச் சொற்களான உபாசகர், சிரமணர் இரண்டும் சீன ஒலியில் அந்த ஆணையிலேயே இருக்கின்றன. பெங்செங் இன்றைய சூஜோ. லோயாங்கை விட இன்னும் கிழக்கே, கடலோரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே கி.பி. 65இல் சாப்பாடு போடுவதற்குச் சிரமணர்கள் இருந்திருக்கிறார்கள்! (சோறு போட்டது யார் என்ற நம் கேள்விக்கு இங்கே நேரடி விடையே கிடைக்கிறது: இளவரசர்.)

148 வாக்கில் பார்த்தியாவைச் சேர்ந்த ஆன் ஷிகாவ் லோயாங் வந்து மொழிபெயர்க்கத் தொடங்குகிறார். 179இல் குஷாண நாட்டிலிருந்து வந்த லோகக்ஷேமர் பிரக்ஞாபாரமிதை நூலைச் சீனத்தில் தருகிறார். இப்படி சீனத் தலைநகரில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், பாதையின் நடுவில் இருந்த தாரிம் படுகை ஊர்களில் பௌத்த மடங்கள் இருந்ததற்கு உறுதியான தடயம் கிடைப்பதில்லை. அங்கே மடங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்குவது 3ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். 260இல் சூ ஷிசிங் என்ற சீனர் முழுமையான பிரக்ஞாபாரமிதைப் பிரதியைத் தேடி மேற்கே கிளம்புகிறார். இந்தியாவரை போகவில்லை, கோத்தானிலேயே அது கிடைத்துவிடுகிறது. ஆக 260இல் கோத்தானில் நல்ல நூல்களும் பிக்குகளும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அது லியூ யிங்கின் விருந்துக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் பிந்தியது.

இந்த இடைவெளியை முதலில் அழுத்திச் சொன்னவர் நெதர்லாந்து அறிஞர் எரிக் சூர்ஷர். ஒரு மதம் இரண்டு விதமாகப் பரவலாம் என்றார் அவர். ஒன்று, பக்கத்து ஊருக்குப் பக்கத்து ஊர் ஒட்டிக்கொண்டே போவது. இன்னொன்று, நடுவில் உள்ளதைத் தாண்டி ஒரேயடியாகத் தொலைவில் போய் விழுவது. சீனாவுக்குப் பௌத்தம் போனது இரண்டாவது விதம்.

ஏன் தாண்டியது? சூர்ஷர் கொடுக்கும் விளக்கம் நாம் நாசிக்கில் பார்த்த அதே கணக்குத்தான். ஹான் வரலாற்று நூல்களில் மேற்கு நாடுகளின் மக்கள்தொகைப் பட்டியல் இருக்கிறது. முந்தைய ஹான் காலத்துப் பதிவில் கோத்தானில் 3,300 வீடுகள், 19,300 மக்கள். அதுவே அந்தப் பக்கத்தின் பெரிய ஊர்களில் ஒன்று. சுற்றிலும் மணல், மலைப்பனி உருகி வரும் ஒரு ஆறு, அதன் கரையில் வயல். இப்படிப்பட்ட ஊர், உழைக்காமல் சாப்பிடும் ஒரு நிரந்தரக் கூட்டத்தை எப்படித் தாங்கும்? போகிற வருகிற பிக்குவுக்கு நாலு நாள் சாப்பாடு போடலாம், மடம் வைக்க முடியாது. பிந்தைய ஹான் பதிவில் அதே கோத்தானில் 32,000 வீடுகள், 83,000 மக்கள். நடுவில் பாசனம் விரிந்தது, விளைச்சல் பெருகியது, ஊர் வளர்ந்தது. உபரி வந்த பிறகுதான் விகாரம் வந்தது.

இந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. முதல் பதிவில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 6 பேர், இரண்டாவதில் இரண்டரைப் பேர் சொச்சம்தான் வருகிறது. கணக்கெடுத்த விதமே மாறியிருக்கலாம், இல்லை பிரதி எடுத்தவர் கை தவறியிருக்கலாம். இன்னொரு மறுப்பும் உண்டு. பாலைவனத்தில் தோண்டிப் பார்க்காத இடம் இன்னும் நிறைய, தடயம் இல்லை என்பதால் மடமே இல்லை என்று ஆகிவிடாது. 1892இல் கோத்தான் பகுதியில் வாங்கப்பட்ட, மரப்பட்டையில் எழுதிய காந்தாரி மொழித் தம்மபதம் 3ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நூல் பையில் பயணம் செய்யும், ஒரு மடம் செய்யாது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளையும் ஊன்றி நிற்கும் கட்டடத்தையும் ஒரே வகைச் சான்றாக எண்ணக்கூடாது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப உதவும் ஒரு விதி.

சரி, மடம் வந்த பிறகாவது பாலைவனத்தில் நாசிக் மாதிரி நடந்ததா? அதுவும் இல்லை. 1901இல் ஆரல் ஸ்டைன் தோண்டிய நியா என்ற இடத்தில் மரப்பலகைகளில் எழுதிய ஏராளமான ஆவணங்கள் கிடைத்தன. எழுத்து கரோஷ்டி, மொழி காந்தாரிப் பிராகிருதம், காலம் 3, 4ஆம் நூற்றாண்டுகள். அதில் வரும் பிக்குகளுக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், சொந்த நிலம் இருக்கிறது, அடிமைகளைக்கூட வாங்கி விற்கிறார்கள். ஒரு பலகையில் தலைநகரத்துச் சங்கம் போட்ட விதிகள் உள்ளன. சங்கக் காரியங்களில் கலந்துகொள்ளாத பிக்குவுக்கு ஒரு சுருள் பட்டு அபராதம். உபோசத நாளுக்கு வராவிட்டால் ஒரு சுருள். உபோசதத்துக்கு இல்லறத்தாரின் உடையில் வந்தாலும் ஒரு சுருள். ஒரு பிக்கு இன்னொரு பிக்குவை அடித்தால், லேசான அடிக்கு 5 சுருள், நடுத்தர அடிக்கு 10, பலத்த அடிக்கு 15!

படிக்கும்போது சிரிப்பு வரும். "கெட்டுப்போன பௌத்தம்" என்று இதை எளிதாக ஒதுக்கிவிடவும் முடியும். ஆனால் நம் கேள்வியை வைத்துப் பார்த்தால் இது வேறு மாதிரித் தெரிகிறது. ஊரால் மடத்துக்கு முழுச்சோறு போட முடியவில்லை, அதனால் பிக்கு தன் வீட்டிலேயே இருந்து, தன் நிலத்தில் சாப்பிட்டுக்கொண்டு, குறிப்பிட்ட நாளில் காவி உடுத்திச் சங்கத்துக்கு வந்தார் என்று நான் இதைப் படிக்கிறேன். பௌத்தம் அந்த ஊரின் கொள்ளளவுக்கு ஏற்பத் தன்னை மடித்துக்கொண்டது. அபராதத்தைக் காசில் வாங்காமல் பட்டில் வாங்கியதைப் பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த பட்டே அங்கே பணம். விதி இந்தியாவிலிருந்து, எழுத்து காந்தாரத்திலிருந்து, அபராதம் சீனாவிலிருந்து. பண்பாட்டுப் பரிமாற்றம் என்று நாம் பெரிதாகச் சொல்வது நடைமுறையில் இப்படித்தான் இருந்திருக்கிறது.

மூன்றாவது கேள்வி: அப்போது வணிகர் செய்தது என்ன?

வணிகரை முழுசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு ஆளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பெயர் ஆன் சுவான். "ஆன்" என்பது பார்த்திய நாட்டவர் என்பதைக் காட்டச் சீனர்கள் வைத்த முன்னொட்டு. இதே மாதிரி குஷாண நாட்டவருக்கு "ஸீ", இந்தியருக்கு "சூ", சமர்கந்துப் பக்கத்தவருக்கு "காங்". ஆன் சுவான் 181 வாக்கில் வணிகராக லோயாங் வந்தார். அரசுக்கு ஏதோ சேவை செய்து குதிரைப்படை அதிகாரிப் பட்டமும் பெற்றார். கடைசிவரை துறவியாகவில்லை, உபாசகராகவே இருந்தார். அவரும் யான் ஃபோதியாவ் என்ற சீனரும் சேர்ந்து ஒரு நூலை மொழிபெயர்த்தார்கள். ஆன் சுவான் மூலத்தைப் பார்த்து வாயால் சீனத்தில் சொல்வார், யான் ஃபோதியாவ் அதை எழுத்துச் சீனமாக்குவார். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. ஆனால் சந்தையில் பேசிப் பழகிய ஆள் கிடைப்பார். அந்தப் பேச்சுமொழி வணிகத்தின் வழியாக வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட நூல் எது தெரியுமா? உக்ரபரிப்ருச்சா. உக்ரன் என்ற பணக்கார இல்லறத்தார் புத்தரிடம் கேட்கும் கேள்விகள்: வீட்டில் இருந்துகொண்டே போதிசத்துவ வழியில் எப்படி நடப்பது, துறவி எப்படி நடப்பது? வீட்டையும் செல்வத்தையும் பற்றி அந்த நூலுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. முடிந்தால் துறந்துவிடு, முடியாதவரை பற்றில்லாமல் கொடுத்துக்கொண்டே இரு என்பதுதான் சாரம். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, சம்பாதித்து, பட்டமும் வாங்கிய ஒரு வணிகர் இதை உட்கார்ந்து வரி வரியாகச் சீனத்தில் சொல்லியிருக்கிறார். இத்தனை நூல்களில் இதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே காலத்து மொழிபெயர்ப்புகளில் சொற்களும் சுவாரசியமானவை. நிர்வாணம் என்பதற்கு "வூவெய்" என்று எழுதினார்கள், தாவோ மரபில் "செயலற்றிருத்தல்" என்று பொருள்படும் பழைய சொல். அருகதருக்கு "ஜென்ரென்", அதாவது மெய்யான மனிதர். இதுவும் தாவோ மரபுச் சொல். படித்த சீனருக்கு உடனே புரிந்தது. ஆனால் புரிந்தது பௌத்தமா, இல்லை புது உடையில் வந்த தாவோவா? பிறகு வந்த தலைமுறைகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே மூலப் பிரதிகளைத் தேடி மேற்கே நடந்தன. சூ ஷிசிங் கோத்தானுக்குப் போனதும் தன்னிடமிருந்த பழைய மொழிபெயர்ப்பு புரியும்படி இல்லை என்றுதான். ஒரு கட்டத்தில் மதம் சீனாவுக்கு "வருவது" நின்று, சீனர்கள் போய் "எடுத்துவருவது" தொடங்குகிறது. அம்புக்குறியில் இது தெரியாது.

இன்னொரு முரணும் உண்டு. பட்டுச்சாலை வணிகத்தின் முதுகெலும்பு சோக்தியர்கள், சமர்கந்துப் பகுதிக்காரர்கள். வணிகர்கள்தான் பௌத்தத்தைப் பரப்பினார்கள் என்றால் இவர்கள்தானே முதலில் பௌத்தர்களாகியிருக்க வேண்டும்? 1907இல் துன்ஹுவாங் பக்கத்தில் ஒரு காவல் கோபுரத்தில் ஸ்டைன் கண்டெடுத்த சோக்தியக் கடிதங்கள் 313 வாக்கில் எழுதப்பட்டவை. லோயாங் சூறையாடப்பட்டதைத் தன் முதலாளிக்கு எழுதும் வணிகரின் பெயர் நனைவந்தக். அதாவது நனை தேவியின் அடிமை, நம்ம ஊர் "தாசன்" மாதிரி. நனை மேற்காசிய தெய்வம், புத்தருக்குச் சம்பந்தமில்லை. 7ஆம் நூற்றாண்டில் சுவான்சாங் சமர்கந்து போனபோது அரசனும் மக்களும் நெருப்பை வணங்கிக்கொண்டிருந்தார்கள், இருந்த இரண்டு விகாரங்களும் ஆளில்லாமல் கிடந்தன, தங்க வந்த பிக்குகளை நெருப்பைக் காட்டி விரட்டினார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. சோக்திய மொழியில் கிடைத்துள்ள பௌத்த நூல்களில் பெரும்பாலானவை சீனத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை! சீனாவில் குடியேறி, அங்கே பௌத்தத்தைப் பிடித்துக்கொண்ட சோக்தியர்களுக்காக எழுதியவை. அம்பு இங்கே தலைகீழாக ஓடுகிறது.

ஆக வணிகர் மதத்தைச் சுமந்து போனார் என்பதைவிட, வணிகப் பாதை மதத்துக்கு வேண்டிய மூன்று பொருள்களைக் கொடுத்தது என்று சொல்வது சரியாக இருக்கும் என நினைக்கிறேன்: சேர்ந்து நடக்க ஒரு பாதுகாப்பான கூட்டம், இரண்டு மொழி பேசும் ஆள், போய்ச் சேரும் ஊரில் தன் நாட்டவர் சிலர். அதற்குப் பிறகு வேர் பிடிப்பதும் பிடிக்காததும் அந்த ஊரின் வயலையும் அரண்மனையையும் பொறுத்தது. பெங்செங்கில் இளவரசர் இருந்தார். கோத்தானில் பாசனம் வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியாவில் பாதி வேர்தான் பிடித்தது. சமர்கந்தில் வணிகம் கொழித்தும் வேர் பிடிக்கவில்லை.

இனி எந்த மதமாக இருந்தாலும், "வணிகம் வழியாகப் பரவியது" என்ற வரியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் சான்று தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளா, ஊன்றி நிற்பதா? நடு ஊர்களின் தேதி இரண்டு முனைகளின் தேதிக்கு இடையில் விழுகிறதா? அந்த ஊரில் அந்த மதத்தின் ஆளுக்குத் தினமும் சோறு போட்டது யார்?

கடல்வழி தனிக் கதை. அதில் காங் செங்ஹுய் என்ற ஒருவர் வருகிறார். சோக்திய வம்சம், முன்னோர் தலைமுறைகளாக இந்தியாவில் இருந்தவர்கள், தந்தை வணிகத்துக்காக இன்றைய வட வியட்நாமில் போய்க் குடியேறியவர், மகன் பிக்குவாகி 247இல் தென் சீனத் தலைநகருக்குப் போனார். அவரை அடுத்த குறிப்பில் பார்க்கலாம்.